ஆர்டர் லேட்டானதுக்கு மன்னிச்சிடுங்க, நடந்தது இதுதான்

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் ஆஃபர்ல சோப்பு ஆர்டர் பண்ணிட்டு இன்னும் கைக்கு வராம இருக்கறவங்களுக்குத்தான் இது. தப்பு முழுக்க என்னோடது, கூரியர்காரங்க மேல கோவப்படாதீங்க.

நான் பண்றது அடுப்புல வேக வைக்காம செய்யற கோல்ட் ப்ராசஸ் சோப்பு. எண்ணெயும் காஸ்டிக் சோடா கரைசலும் கலந்து அச்சுல ஊத்தினா ஒண்ணு ரெண்டு நாள்ல பெரும்பாலும் சோப்பா மாறிரும், ஆனா அதை வெட்டி ரேக்ல இடைவெளி விட்டு அடுக்கி நாலுல இருந்து ஆறு வாரம் காத்தாட விடணும், உள்ள இருக்கற தண்ணி வத்தினாதான் கட்டி இறுகும். பாக்கறதுக்கு முதல் வாரமே ரெடி மாதிரிதான் இருக்கும், அங்கதான் ஏமாந்துருவோம். அப்படியே அனுப்பினா ஈரத்துல கொழகொழன்னு ஆகி சீக்கிரமே கரைஞ்சு போயிரும்.

நான் என்ன பண்ணேன்னா, வெட்டின அன்னிக்கே ஸ்டாக் கணக்குல ஏத்திட்டேன். ரெடியா இருந்தது 40, ரேக்ல ரெண்டு வாரமே ஆனது 72. கடைப் பக்கத்துல 112ன்னு காட்டுச்சு. ஆஃபர் போட்ட ரெண்டே நாள்ல 95 வித்துப் போச்சு, சந்தோஷமா பேக் பண்ண உக்காந்தப்பதான் 55 குறையுதுன்னு தெரிஞ்சுது. அதுக்குள்ள எல்லா லேபிளும் பிரிண்ட் பண்ணி வச்சிருந்தேன், அதனால உங்களுக்கு ட்ராக்கிங் நம்பர் வந்துச்சு, பார்சல் மட்டும் நகரவே இல்ல. தொலைஞ்சு போச்சான்னு பயந்து எத்தனை பேர் மெசேஜ் பண்ணீங்க!

நாலாவது வாரம் அனுப்பிரலாம்னு நினைச்சேன், மழை விடல, காத்துல ஈரம் இருந்தா காயறது இழுத்துக்கிட்டே போகும். அதனால ஒரே சோப்புல அடையாளம் போட்டு வாராவாரம் எடை பாத்தேன். வெட்டினப்ப 128 கிராம், நாலாவது வாரம் 116, அஞ்சாவது 113, ஆறாவது வாரம் 112. நேத்தும் அதே 112தான். இறங்கறது நின்னா காஞ்சிருச்சுன்னு அர்த்தம்.

இனிமே காயற சோப்பு தனி நோட்டுல இருக்கும், எடை நின்ன பிறகுதான் ஸ்டாக்ல ஏறும். முன்னாடியே வேணும்னா ப்ரீஆர்டர்னு போட்டு, எந்த வாரம் கிளம்பும்னு வாங்கற எடத்துலயே எழுதிருவேன். லேபிள் பெட்டிய ஒட்டி மூடின பிறகுதான். அஞ்சு சோப்பு கேட்டவங்களுக்கு ஒண்ணு இல்லன்னு மத்த நாலையும் நிறுத்தி வச்சேன் பாருங்க, அது இன்னும் பெரிய முட்டாள்தனம், இனி இருக்கறத முதல்ல அனுப்பிட்டு மிச்சத்த என் செலவுல அனுப்பறேன்.

55ம் பழைய ஆர்டர்ல இருந்து வரிசையா இன்னிக்கே பேக் ஆகுது. வேணாம்னு தோணினா ஆர்டர் நம்பர் மட்டும் அனுப்புங்க, காரணம் கேக்காம முழுப் பணமும் திருப்பிடறேன்.