மொத்த மதிப்பெண் போதும், ஆனாலும் தோல்வி

ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்3 நிலையை முதல்முறை எழுதியபோது 180-க்கு 102 வாங்கினேன். தேர்ச்சிக்கு 95 போதும். ஆனாலும் முடிவில் 'தேர்ச்சி இல்லை' என்றுதான் இருந்தது. சொல்லும் இலக்கணமும் 43, வாசிப்பு 42, கேட்டல் 17. மூன்று பகுதிகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 19 எடுத்தாக வேண்டும். அந்த விதி எனக்குத் தெரியும். கேட்டலில் அவ்வளவு கீழே போவேன் என்றுதான் நினைக்கவில்லை.

இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவே மனம் வரவில்லை. அப்புறம் ஒரு பழைய பயிற்சி ஒலிப்பதிவை எடுத்து, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்ததை அப்படியே எழுதிப் பார்த்தேன். பிறகு அதன் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டேன். படித்தால் எல்லாமே புரிந்தது. ஆக, குறை சொல்வளத்தில் இல்லை.

ஓர் உரையாடலில் 'இகனக்யா' என்று வந்தது. நான் 'இகனை', அதாவது 'போகமாட்டேன்' என்று எழுதியிருந்தேன். உண்மையில் அது 'போகணும்'. நான் படித்திருந்தது 'இகனகெரெபா நரனை' என்ற முழு வடிவம். பேச்சில் அது சுருங்கிவிடுகிறது. பொருளே தலைகீழாகிவிட்டால் விடை எப்படிச் சரியாகும்? 'போய்விட்டேன்' என்று மட்டுமே படித்த ஒருவர் 'போயிட்டேன்' என்பதைக் கேட்டுத் திகைப்பது போலத்தான் இதுவும். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் இப்படி ஐந்து இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். ஐந்துமே வாக்கியத்தின் கடைசியில் இருந்தன.

ஜூலைத் தேர்வின் முடிவு ஆகஸ்ட் கடைசியில்தான் வரும். டிசம்பர் தேர்வுக்கு மூன்று மாதம்தான் மிச்சம். தினமும் ஒரு நிமிட உரையாடல் ஒன்று: கேட்டு எழுதுவது, திருத்துவது, பிறகு ஒலியோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்வது. முதல் வாரங்களில் ஒரு நிமிடத்துக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. சலிப்பான வேலைதான், ஆனால் காது பழகியது அதில்தான்.

இன்னொன்றையும் மாற்ற வேண்டியிருந்தது. கேட்டல் பகுதியில் ஒலி ஒருமுறைதான் ஓடும். கடைசியில் வரும் உடனடிப் பதில் கேள்விகளுக்கு விடைகள்கூடத் தாளில் இருக்காது, மூன்றையும் காதால் கேட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். முதல்முறை தவறவிட்ட ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்து அடுத்த இரண்டையும் விட்டேன். இந்தமுறை, புரியாவிட்டால் ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். டிசம்பரில் இரண்டு இடங்களில் அப்படித்தான் செய்தேன்.

இரண்டாம்முறை கேட்டல் 31, மொத்தம் 109. தேர்ச்சி. முடிவைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. வாசிப்பு மட்டும் 42-லிருந்து 36-க்கு இறங்கியிருந்தது. அந்த மூன்று மாதமும் நான் ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை. அடுத்த நிலையான என்2-வுக்கான படிப்பை இப்போது வாசிப்பிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.