ஸ்கைவிங் அக்காவுக்கு மாத விருது: பரிந்துரை எழுதும்போது எங்கே மாட்டும்?

பேரணாம்பட்டு பக்கம் ஒரு ஷூ அப்பர் கம்பெனி. தோல் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் ஸ்கைவிங் மெஷினை ஓட்டும் எங்கள் அக்காவை மாதத்தின் சிறந்த பணியாளர் விருதுக்குப் பரிந்துரைத்தால், "ஆதாரம் பத்தாது" என்று எச்.ஆரில் திருப்பிவிட்டார்கள். எதை ஆதாரமாக எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. படிவத்திலும் "பணியாளரின் சிறப்புகள்" என்று ஒரே கட்டம்தான். கடின உழைப்பாளி, பொறுமைசாலி என்று எல்லா லைனும் அதில் எழுதுகிறது. கமிட்டி எதை வைத்துத் தேர்ந்தெடுக்கும்?

அக்கா செய்ததைச் சொல்கிறேன். தோல் ஓரத்தை அதிகம் சீவினால் தையலில் கிழியும். குறைவாகச் சீவினால் மடிப்பு தடித்து மேடு தட்டும். கத்தியைச் சாணை பிடித்ததும் அளவு நகர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு சாணைக்குப் பிறகும் முதல் ஐந்து பீஸை கேஜில் அளந்து, ஓரம் 0.6 மி.மீ. வந்த பிறகுதான் மேற்கொண்டு ஓட்டினார். அளவுகளை ஒரு நோட்டில் தேதியோடு குறித்தும் வைத்தார்.

இதன் பலன் தெரிவது தையல் லைனின் ரீவொர்க் ரெஜிஸ்டரில். சிக்கலும் அங்கேதான். மொத்த ரீவொர்க்கை எடுத்தால் நூல் அறுந்தது, பசை வழிந்தது எல்லாம் கலந்துவிடும். மடிப்புக் கோளாறை மட்டும் பிரிக்க வேண்டும். ஸ்கைவிங்கில் கணக்கு பீஸில், தையலில் ஜோடியில். ஒரு ஜோடிக்குப் பல பீஸ் என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட்டால் கணக்கு குழம்பும். எல்லாவற்றையும் ஜோடிக்கு மாற்றினோம். மென்மையான தோல் ஓடிய மாதத்தைக் கடினத் தோல் மாதத்தோடு ஒப்பிடவும் கூடாது, ஆர்ட்டிக்கிள், அதாவது ஷூ மாடல், ஒன்றாக இருக்க வேண்டும்.

கடைசியில் எழுதிக் கொடுத்தது இது:

"ஒரே ஆர்ட்டிக்கிளில், அளக்கத் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் 4,200 ஜோடிக்கு 118 மடிப்பு ரீவொர்க், பிந்தைய இரண்டு வாரத்தில் 4,050 ஜோடிக்கு 41. ஆயிரத்துக்கு 28 என்பது 10 ஆனது. இடையில் சாணைக்கல்லும் புதிதாக மாற்றப்பட்டது. குறைவில் அதற்கும் பங்கிருக்கலாம். ஆனால் கல் மாறிய பிறகும் முதல் ஐந்து பீஸில் அளவு தவறியது நான்கு முறை நோட்டில் பதிவாகியுள்ளது. நான்கு முறையும் மெஷினைச் சரிசெய்த பிறகே மீதித் தோல் சீவப்பட்டது."

சாணைக்கல் வரியை எடுத்துவிடச் சொன்னவர்கள் உண்டு. எடுக்காதீர்கள். கமிட்டியில் மெயின்டனன்ஸ் ஆள் இருந்தால் முதல் கேள்வியே அதுதான். எங்களிடமும் அதைத்தான் கேட்டார்கள், பதில் படிவத்திலேயே இருந்தது.

ரெஜிஸ்டரை ஜெராக்ஸ் எடுக்க விடமாட்டார்கள், பையர் பெயர் இருக்கும். தேவையான வரிகளை மட்டும் எழுதி, தையல் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் செக்‌ஷன் சூப்பர்வைசர் கையெழுத்து இதற்கு எடுபடாது. வேலையை வாங்கிக்கொள்ளும் லைன்தான் சாட்சி. மாதக் கடைசி டெஸ்பாட்ச் நெருக்கடியில் அவரைப் பிடிக்கவே முடியாது, 20-ம் தேதிக்குள் போய்விடுங்கள்.