ஆறு மாதங்களுக்குப் பின் எடுத்த எடை: முதல் முயற்சியில் நான் தவறிய கேள்வி

நோய்ப்பரவலியல் தேர்வின் முடிவு சென்ற வாரம் வந்தது. இரண்டாவது முயற்சியில் தேறிவிட்டேன். முதல் முயற்சியில் என்னை வீழ்த்தியது ஒரே ஒரு கேள்வி என்பதால், இந்தக் குறிப்பின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

கேள்வியில் தரப்பட்ட கற்பனைத் தரவு இது. தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவர்களின் ரத்த அழுத்தம், செய்யாதவர்களுடையதைவிடச் சராசரியாக 8 புள்ளிகள் குறைவாக இருக்கிறது. உடல் எடையையும் புள்ளியியல் மாதிரியில் சேர்த்தால் அந்த வேறுபாடு 3 ஆகச் சுருங்குகிறது.

```
bp ~ exercise            # -8
bp ~ exercise + weight   # -3
```

எடையின் பங்கு என்ன என்று கேட்டிருந்தார்கள். ஒரு மாறியைச் சேர்த்ததும் மதிப்பு மாறினால் அது கன்ஃபவுண்டர், அதாவது குழப்பக் காரணி என்று நான் மனப்பாடம் செய்திருந்தேன். எனவே உண்மையான விளைவு 3 மட்டுமே என்று எழுதினேன். எடை, பயிற்சி தொடங்கி ஆறு மாதங்களுக்குப் பின் அளக்கப்பட்டது என்ற கடைசி வரியை வாசித்தும் அதற்கு மதிப்பளிக்கவில்லை.

அந்த வரியில்தான் விடை இருந்தது. பயிற்சி எடையைக் குறைக்கிறது, குறைந்த எடை ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது. ஆகவே இங்கே எடை, விளைவு கடந்து செல்லும் பாதையிலேயே நிற்கும் இடைநிலை மாறி, அதாவது மீடியேட்டர். வேறு குழப்பக் காரணி எதுவும் இல்லையெனில் பயிற்சியின் மொத்த விளைவு 8. எடையைச் சேர்த்தபோது பயிற்சி செய்த நன்மையின் ஒரு பகுதியை நானே கழித்துவிட்டு, மீதியை உண்மை என்று அறிவித்திருக்கிறேன்.

அதே எடை பயிற்சி தொடங்குவதற்கு முன்பே அளக்கப்பட்டிருந்தால் கதை தலைகீழாகும். எடை கூடியவர்கள் பயிற்சிக்கு வருவது குறைவு, அவர்களுக்கு ரத்த அழுத்தமும் அதிகம் என்றால், அம்பு எடையிலிருந்து பயிற்சிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் செல்கிறது. அப்போது எடை குழப்பக் காரணி. வேறு குழப்பக் காரணி எதுவும் இல்லையெனில் 3தான் நமக்கு வேண்டிய விடை. இரண்டு நிலைகளிலும் கணினி தரும் எண்கள் ஒன்றாகவே இருக்கலாம். எண்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் மாறியின் பங்கு தெரியாது. அதைச் சொல்வது அளந்த காலமும் பாட அறிவும்தான்.

ஆகவே, மூன்றாவது மாறி ஒன்று வந்தால் நான் இப்போது செய்வது:

- அது எப்போது அளக்கப்பட்டது என்ற சொற்றொடரை முதலில் அடிக்கோடிடுகிறேன்.
- காரணத்துக்கும் அதற்கும் இடையே அம்பு எந்தத் திசையில் செல்கிறது என்று படம் வரைகிறேன்.
- 8 கழித்தல் 3, மீதி 5 எடை வழியாக வந்தது என்று உடனே எழுதுவதில்லை. உணவுப் பழக்கம் எடையையும் ரத்த அழுத்தத்தையும் ஒருங்கே பாதித்தால், பயிற்சியைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியிருந்தாலும் அந்தப் பிரிப்பு பிழைபடும்.

மாடரேட்டர் எனப்படும் மட்டுப்படுத்தும் மாறி வேறு வகையான கேள்விக்கு விடை. விளைவு எந்த வழியாக வருகிறது என்பதை அது சொல்வதில்லை; யாருக்கு எவ்வளவு வருகிறது என்பதைச் சொல்கிறது. அதைக் கூட்டல் குறியோடு மாதிரியில் சேர்ப்பது போதாது, காரணத்தையும் அந்த மாறியையும் பெருக்கிய உறுப்பும் வேண்டும். ஒரு பிரிவில் முடிவு புள்ளியியல் முக்கியத்துவம் பெற்று மற்றொன்றில் பெறவில்லை என்பதும் சான்றாகாது. இரு பிரிவுகளின் வேறுபாட்டையே சோதிக்க வேண்டும்.

இரண்டாவது முயற்சியில் மாடரேட்டர் பற்றிய கேள்விக்கு வந்தது, வட அமெரிக்கக் கல்நார் தொழிலாளர்களைப் பற்றி 1979இல் வெளியான பழைய தரவு. ஒருவரை ஓராண்டு கண்காணிப்பது ஒரு நபர்-ஆண்டு; ஒரு லட்சம் நபர்-ஆண்டுகளுக்கு நுரையீரல் புற்றுநோய் மரணங்கள்: கல்நாரும் புகைப்பழக்கமும் இல்லாதவர்களில் 11.3, கல்நார் மட்டும் 58.4, புகை மட்டும் 122.6, இரண்டும் உள்ளவர்களில் 601.6. கல்நாரின் விளைவைப் புகைப்பழக்கம் மாற்றுகிறதா?

விகிதமாகப் பார்த்தால் புகைக்காதவர்களில் கல்நார் ஆபத்தை ஏறத்தாழ 5.2 மடங்காக்குகிறது, புகைப்பவர்களில் 4.9 மடங்காக்குகிறது, மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். கழித்துப் பார்த்தால் கல்நார் கூட்டும் மரணங்கள் முறையே 47.1, 479, பத்து மடங்கு வேறுபாடு. எந்த அளவுகோல் என்று சொல்லாமல் ஆம் என்றோ இல்லை என்றோ எழுதினால் விடை பாதிதான். நான் இரண்டையும் கணக்கிட்டுக் காட்டி, கல்நாரை அகற்றினால் எந்தப் பிரிவில் எத்தனை உயிர்கள் காக்கப்படும் என்று அறியக் கழித்தல் அளவுகோலே உதவும் என்று எழுதி முடித்தேன்.