நீலக் கரைசலில் மிதந்த துளி

ரத்த தான முகாமில் என் எடையும் ரத்த அழுத்தமும் சரியாகவே இருந்தன. அடுத்து டெக்னீஷியன் அக்கா என் மோதிர விரலின் ஓரத்தில் ஊசியால் குத்தினார். முதலில் வந்த துளியைப் பஞ்சால் துடைத்துவிட்டு, அடுத்த துளியை ஒரு குழாயில் எடுத்து நீல நிறக் கரைசலில் விட்டார். அது மூழ்காமல் மேலேயே நின்றது.

அந்த நீர் காப்பர் சல்பேட் கரைசல். ஒப்படர்த்தி 1.053 இருக்கும்படி கலக்கிறார்கள். ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 12.5 கிராமாவது இருந்தால் துளி பதினைந்து நொடிக்குள் கீழே இறங்கிவிடும். ரத்தம் கொடுக்க இந்தியாவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த 12.5தான் வரம்பு. ஆனால் துளியில் காற்றுக்குமிழி இருந்தாலும் மிதக்கும். விரலைப் பிழிந்து எடுத்தால் திசுநீர் கலந்து அளவு குறைவாகத் தெரியும். முதல் துளியைத் துடைப்பதும் அதனால்தான். எனவே அக்கா வேறு விரலில் குத்தி, சின்ன மெஷினில் வைத்துப் பார்த்தார். 11.6 காட்டியது.

"இப்போ எடுத்தா உங்களுக்குத்தான் கஷ்டம்மா" என்றார். 350 மி.லி. ரத்தத்தோடு ஏறக்குறைய 150 மி.கி. இரும்புச்சத்தும் போய்விடும். சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவதோ ஒன்றிரண்டு மி.கி.தான். ஏற்கெனவே குறைவாக இருப்பவரிடம் எடுத்தால் திரும்ப ஏற மாதக்கணக்கில் ஆகும். பெறுபவருக்கும் அந்தப் பையில் ஹீமோகுளோபின் குறைவாகத்தான் போகும்.

அன்று திரும்பிப் போனது நான் மட்டுமல்ல. சில மாதம் முன்பு பச்சை குத்திக்கொண்ட ஒரு பையனை ஒரு வருடம் கழித்து வரச் சொன்னார்கள், ஊசி வழியாக மஞ்சள் காமாலைக் கிருமி பரவலாம் என்பதால். போன மாதம்தான் கொடுத்துவிட்டு வந்த இன்னொருவருக்கும் அனுமதி இல்லை. ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி வேண்டும். பெண்களுக்குக் கூடுதலாக வைத்ததற்கு மாதவிடாயில் போகும் இரும்பும் ஒரு காரணம்.

என் விஷயத்திலும் அதுதான். டாக்டர் கையில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொன்னார். அது மிகக் குறைவு. விரல் நுனிப் பரிசோதனை ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபினை மட்டுமே சொல்லும், சேமிப்பில் இருக்கும் இரும்பைச் சொல்லாது. 12.5ஐத் தாண்டியவருக்கும் சேமிப்பு காலியாக இருக்கலாம். அடிக்கடி கொடுக்கும் பெண்கள் ஃபெரிட்டினைத் தனியாகப் பார்த்துக்கொள்வது ரொம்ப அவசியம் என்று நான் நினைக்கிறேன்.

இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு போடாமல் எலுமிச்சைச் சாறோடு எடுத்தேன். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னதால் பயமில்லை. ஹீமோகுளோபின் 12.5ஐத் தாண்டிய பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடரச் சொல்லியிருக்கிறார். அதை முடித்துவிட்டுத்தான் அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுப்பேன்.