டேபிள் ஃபேன் தலை திரும்பவில்லை: கியரைவிடப் பாடு படுத்திய இரண்டு குண்டுகள்

16 அங்குல டேபிள் ஃபேன். காற்று நன்றாக வருகிறது, நாப்பை அமுக்கினாலும் தலை மட்டும் அசையவில்லை. இப்போது திரும்புகிறது, ஒரு சுற்று போய்வர 11 விநாடி.

பிரிக்கும் முன் சத்தத்தைக் கேட்டுவிடுவது நல்லது. நாப் அமுங்கிய நிலையில் "டிக் டிக்" என்று வந்தால் பெரும்பாலும் கியர் நன்றாக இருக்கும், ஏதோ ஒன்று தலையைத் தடுப்பதால் நாப்புக்கும் கியருக்கும் நடுவே இருக்கும் சின்ன இரும்புக்குண்டுகள் வழுக்குகின்றன. சத்தமே இல்லாவிட்டால் பல் போயிருக்க வாய்ப்பு அதிகம். இதில் சத்தமே இல்லை. கியர் பாக்ஸ் மூடியைத் திறந்ததும் கிரீஸ் முழுக்க வெள்ளைத் தூள். மோட்டார் ஷாஃப்ட்டின் வால்பக்கம் ஸ்க்ரூ மரை போல வெட்டியிருக்கும் வார்ம் உரசுகிற இடத்தில், கியரைச் சுற்றி ஒரு பட்டை அளவுக்குப் பற்கள் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தன. அதற்கு மேலும் கீழும் பல் புதிது போல இருந்தது.

மாற்றுக் கியருக்குக் காயில் கட்டும் கடைதான் சரியான இடம். பழைய கியரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பல் எண்ணிக்கை, நடு ஓட்டை, உயரம் மூன்றும் ஒத்துப்போனாலும் போதாது, பல்லின் சாய்வும் ஒத்துப்போக வேண்டும். முதலில் வாங்கியது 30 பல், ஓட்டையும் சரி, ஆனால் சாய்வு எதிர்ப்பக்கம். வார்மோடு சேரவே இல்லை, முடுக்கினால் ஷாஃப்ட் இறுகிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்தால் சாய்வு உடனே தெரிந்துவிடும். தேய்ந்த பல்லில் எபாக்ஸி பூசிப் பல் வெட்டும் யோசனை வேண்டாம், நைலானில் அது பிடிக்காது.

இனி நாப் விஷயம். நாப்பின் கீழே இருக்கும் ஸ்பிண்டிலில் குறுக்காக ஒரு துளை. அதற்குள் சின்ன ஸ்ப்ரிங், அதன் இரு முனையிலும் ஆளுக்கொரு இரும்புக்குண்டு. கியர் இந்த ஸ்பிண்டிலில் தளர்வாகத்தான் உட்கார்ந்திருக்கும். நாப்பை அமுக்கினால் குண்டுகள் கியரின் உள்காடியில் விழுந்து ஸ்பிண்டிலையும் சேர்த்துச் சுற்றவைக்கும். இழுத்தால் குண்டுகள் காடியைவிட்டு மேலேறிக் கியரின் மேல்விளிம்பில் நிற்கும், கியர் மட்டும் சும்மா சுற்றும். தலை எங்காவது முட்டினாலும் காடியிலிருந்து வழுக்கிப் பல்லைக் காப்பாற்றுவது இதே குண்டுகள்தான்.

கழற்றும்போது ஸ்பிண்டிலை வெடுக்கென்று இழுத்தால் குண்டு தெறித்து எங்கேயோ போய்விடும். கியர் பாக்ஸைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தே இழுக்க வேண்டும். திரும்பப் பூட்டுவது அதைவிடக் கஷ்டம். ஒரு குண்டை அமுக்கினால் மறுபக்கத்துக் குண்டு எட்டிப் பார்க்கும். கிரீஸ் வைத்து ஒட்டிப் பார்த்தேன், நான்கு தடவையும் தெறித்தது. கடைசியில் கூல்டிரிங்க்ஸ் டின்னில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை வெட்டி, இரண்டு குண்டையும் உள்ளே அமுக்கியபடி ஸ்பிண்டிலைச் சுற்றி இறுக்கிப் பிடித்தேன். மேலிருந்து கியரை இறக்க இறக்கப் பட்டை கீழே நழுவியது, குண்டுகள் நேராகக் கியருக்குள் போய் உட்கார்ந்தன. பட்டையின் ஓரத்தை முதலில் உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள், விரலைக் கிழித்துவிடும்.

கணக்கும் ஒத்துவந்தது. மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1350 சுற்று. 30 பல் கியரில் அது 45 ஆகிறது. ஸ்பிண்டிலின் அடியில் இருக்கும் 8 பல், பக்கத்துப் பெரிய கியரின் 64 பல்லைச் சுற்றுவதால் இன்னும் எட்டில் ஒரு பங்காகி, நிமிடத்துக்கு ஐந்தரைச் சொச்சம். அதுதான் அந்த 11 விநாடி.

ஆனால் நல்ல பல் ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் மூடினால் புதிய கியரும் அதே வழியில் போகும். பெரிய கியரை ஃபேனின் கழுத்தோடு இணைக்கும் லிங்க் பட்டையின் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டுத் தலையைக் கையால் திருப்பினேன். கழுத்து முறுக்கிக்கொண்டு நகர்ந்தது, உள்ளே பழைய எண்ணெய் பிசினாகிக் கிடந்தது. குண்டுகளும் காய்ந்த கிரீஸில் ஒட்டியிருந்ததால் வழுக்க வேண்டிய நேரத்தில் வழுக்கவில்லை, பாரம் முழுவதையும் பல்தான் வாங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸைப் பல்லில் மட்டும் மெலிதாகத் தடவினேன். பாக்ஸை நிரப்பக் கூடாது, வழிந்து மோட்டார் காயில் பக்கம் போகும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், கழுத்தைப் பிசினாக்கியது அந்த மாதிரி எண்ணெய்தான்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. இறக்கையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஷாஃப்ட்டைத் தாங்கும் பின்பக்க புஷ்ஷில் லேசான ஆட்டம் தெரிகிறது. அது கூடினால் வார்ம் விலகிப் பல்லின் நுனியை மட்டும் கடிக்கும். புஷ்ஷும் ஃபெல்ட் வாஷரும் வாங்கி வைத்தாயிற்று. அதுவரை ஃபேன் ஓடும்போது தலையைத் திருப்ப வேண்டுமென்றால் நாப்பை இழுத்துவிட்டுத்தான் திருப்புவது, ஏனென்றால் வார்மைக் கியர் பக்கமிருந்து சுற்றவைக்க முடியாது.