பொங்கி வழிந்த அண்டா

தை 21
பெரியப்பா இன்னும் எழுந்து உட்காரவில்லை. நாளை மறுநாள் முகூர்த்தம், 400 இலை. சோறு என் பொறுப்பு.

தை 22, இரவு
மாப்பிள்ளை அழைப்புச் சாப்பாட்டிலேயே பெரிய அண்டா மூன்று தடவை பொங்கி வழிந்தது. வழிந்த கஞ்சி ஒரு பக்கத்து விறகை அணைத்துவிட்டது. சோறு ஒரு பக்கம் குழைந்து, மறுபக்கம் நறுக்கரிசியாக நின்றது. சாம்பார் ஊற்றியதும் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியுமே.

தீ அதிகம் என்றார்கள். சாம்பாருக்கு வைத்த வெந்நீரும் அதே கோட்டை அடுப்பில்தான் தளதளவென்று குதித்தது. ஒரு சொட்டு வழியவில்லை.

தை 22, தூக்கம் வரவில்லை
கரண்டியில் அள்ளிய நுரை கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. வெந்நீரில் குமிழி மேலே வந்த கணமே உடைகிறது. இந்த நுரையோ கரண்டியில் அப்படியே நின்றது. இரண்டு விரலால் தொட்டால் பசை. அரிசி விடுகிற மாவு குமிழிக்குத் தோலாகிவிடுகிறது. உடையாத குமிழிக்குக் கீழே அடுத்த குமிழி, அதற்குக் கீழே இன்னொன்று. ஆவி வெளியேற வழியில்லாமல் நுரையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறது.

வீட்டில் ஏன் இவ்வளவு வழிவதில்லை?

தை 23, விடியற்காலை 4 மணி
பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். குரல் ரொம்பச் சன்னமாக இருந்தது.

“கழுநீர் எப்படிடா போச்சு?”

“பால் மாதிரி, பெரியப்பா.”

“எத்தனை தரம் களைஞ்ச?”

“ரெண்டு.”

“புது அரிசிடா அது. கஞ்சி ஜாஸ்தி விடும். மூட்டை அடியில குருணையும் மாவும் வேற கிடக்கும்.”

அண்டாவைப் பற்றியும் கேட்டேன். வீட்டுப் பானையை உயரம், அகலம் எல்லாம் இரண்டு மடங்காக்கினால் தண்ணீர் எட்டு மடங்கு பிடிக்கும். வாய் நாலு மடங்குதான் ஆகும். அத்தனை தண்ணீரையும் வீட்டு வேகத்தில் கொதிக்க வைத்தால், வாயின் ஒவ்வொரு சாண் இடத்திலும் இரண்டு பங்கு ஆவி போயாக வேண்டும். “நீ கழுத்து வரைக்கும் வேற ரொப்பியிருப்ப” என்றார். ஆமாம், ரொப்பியிருந்தேன்.

அதே நாள், மதியம்
நாலு தடவை களைந்தோம். நாலாவது கழுநீரில் கை ரேகை தெரிந்தது. ஒரு அண்டா அரிசியை இரண்டில் பிரித்து, முக்கால் அளவோடு நிறுத்தினேன். நுரை ஏறத் தொடங்கியதும் மூடியைத் திறந்து, இரண்டு விறகை இழுத்துவிட்டு, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டேன். எண்ணெய் பட்ட இடமெல்லாம் நுரை பொசுக்கென்று அமுங்கியது. கொஞ்ச நேரம்தான், திரும்ப ஏறியது. விறகை இழுத்ததுதான் நின்று காப்பாற்றியது.

சோறு பூப்போல. கையில் கொப்புளம்.

தை 24
பெரியப்பாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறார்களாம். பஸ் 6 மணிக்கு. அண்டா இரண்டும் இன்னும் தேய்க்கவில்லை.