வளவு அறைக்குள் சோபா போன கதை

காரைக்குடியில் எங்கள் பாட்டன் வீட்டின் தலைவாசல் எவ்வளவு பெரிய சாமானையும் உள்ளே விட்டுவிடும். சிக்கல் உள்முற்றமான வளவைச் சுற்றிய அறைகளின் வாசலில்தான். அங்கே ஒரு அறைக்கு மூன்று பேர் அமரும் சோபா வாங்க முடிவானதும், கடைக்குப் போகுமுன் அளவு நாடாவை எடுத்தோம்.

நிலைக்கு நிலை 32 அங்குலம். ஆனால் சோபாவுக்குக் கிடைக்கும் இடம் அதுவல்ல. கனமான தேக்குக் கதவுகள் திறந்தபின்னும் சுவரின் கனத்துக்குள்ளேயே நிற்கின்றன. பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் போக 29தான் மிஞ்சியது. பழைய மரம் லேசாக வளைந்திருக்கும் என்பதால் கீழே, இடுப்பளவில், மேலே என்று அளந்து சிறியதையே எழுதிக்கொண்டோம். வாசல் உயரம், படிக்கு மேலே, 66.

76 அங்குல நீளச் சோபாவை இந்த வாசலில் நட்டமாக நிறுத்த முடியாது. முதுகு கீழே படும்படி படுக்கவைத்து நீளவாக்கில்தான் நுழைக்க வேண்டும். அப்போது அதன் உயரமே வாசலின் குறுக்களவாகிவிடும். கடையில் எங்களுக்குப் பிடித்த சோபாவின் உயரம் 34, கால்கள் சட்டத்தோடு சேர்ந்தவை. சற்றுச் சாய்த்தாலும் ஓர் அங்குலம்தான் குறையும் என்பதால் அதை விட்டுவிட்டோம். எடுத்தது 33 அங்குல உயரம். 5 அங்குலக் கால்களைத் திருகிக் கழற்றலாம். கழற்றினால் 28. பொதியட்டையோடு நுழையாது என்பதால் முகப்பிலேயே பிரிக்கச் சொல்லி ரசீதில் எழுதி வாங்கினேன்.

நான் மிகவும் கவலைப்பட்டது தூணைப் பற்றித்தான். நாங்கள் நினைத்திருந்த அறையின் வாசலுக்கு நேர் எதிரே, 5 அடியில், தாழ்வாரத் தூண். ஒன்றரை அடிச் சுவருக்குள் நுழையும் சோபா திரும்ப வழியில்லை; அதன் முழு நீளமும் வாசலுக்கு வெளியே நேராக நிற்க இடம் வேண்டும். அதனால் அறையையே மாற்றினோம். அடுத்த அறையின் வாசல் இரண்டு தூண்களுக்கு நடுவே பார்த்திருந்தது. சோபாவின் வால் முற்றத்துக்கு மேல் நீண்டு நிற்கலாம்.

மாடிப்படியை அளந்து பார்த்தேன். இரு சுவர்களுக்கு நடுவே செங்குத்தாக ஏறி, மேலே உடனே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் நீளமான எதுவும் நிமிராது. மாடிக்கு இனிப் பகுதி பகுதியாகப் பிரிகிற சாமான் மட்டுமே. அடுக்குமாடியில் இருப்பவர்கள் லிஃப்டின் உள்ளறையை மட்டும் அளந்து நிறுத்த வேண்டாம். கதவு திறக்கும் அகலமும் உயரமும் பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

வண்டி வந்த அன்று அப்பத்தா வாசலருகே நின்றார். "நிலையில கீறல் விழாமப் பாத்துக்கங்கப்பா" என்றார். நிலையின் இருபுறமும் பழைய போர்வையைக் கட்ட நினைத்தோம், ஆனால் இருப்பதே பக்கத்துக்கு அரை அங்குலம். வெறும் வேட்டித் துணியை ஒரு மடிப்பாக ஒட்டினோம். முற்றத்தின் தரை தாழ்ந்திருந்ததால் அங்கே நின்ற இருவர் சோபாவைத் தோளில் தாங்கினார்கள், உள்ளே இருந்தவர்கள் மெல்ல இழுத்தார்கள். கால்களை அறைக்குள் வைத்துத் திருகினோம்.